கீசர் ஒழுகுது, கம்பெனிக்கு என்ன எழுதுறது? வாரண்டிப் புகாரைக் கோரிக்கையாக மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூருவில் பாத்ரூமுக்கு ஒரு கீசர் இல்லாத வீடு குறைவு. காவிரித் தண்ணீர் ஒரு நாள், போர்வெல் ஒரு நாள், டேங்கர் ஒரு நாள் என்று குழாயில் வருவதால் கீசர்தான் முதலில் அடிவாங்குகிறது; வாரண்டித் தகராறும் அதில்தான் அதிகம். அதனால் இந்தப் பக்கம் முழுக்க ஒரே உதாரணம்: 15 லிட்டர் கீசர், வாங்கி இரண்டு வருஷம் கடந்தது, அடியில் தண்ணீர் சொட்டுகிறது. பாணஸ்வாடி, அல்சூர், முருகேஷ்பாளையா பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை அவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறோம்.

வாட்ஸ்அப்ல இப்படி ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கேன், ஒரு வாரமா பதில் இல்லை. இதுல என்ன தப்பு? "சார் உங்க கீசர் ரொம்ப மோசம். வாங்கி ரெண்டு வருஷம்தான் ஆச்சு அதுக்குள்ள ஒழுகுது. மூணு தடவை போன் பண்ணியாச்சு ஆளே வரல. இந்தக் குளிர்ல சின்னப் பசங்க பச்சத் தண்ணியில குளிக்குது. ஏதாவது பண்ணுங்க இல்லன்னா கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவேன்."

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பக்கம் இதைப் படிப்பவரால் எந்த முடிவும் எடுக்க முடியாது. எந்த மாடல், வாரண்டி இருக்கிறதா, எங்கே ஒழுகுகிறது, எந்த வீட்டுக்கு ஆள் அனுப்புவது, கடைசியில் உங்களுக்கு என்ன வேண்டும்? ஐந்துக்கும் பதில் இல்லை. அவர் உங்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். கூப்பிடும்போது நீங்கள் எடுக்காவிட்டால் "வாடிக்கையாளர் தொடர்பில் இல்லை" என்று எழுதி டிக்கெட்டை மூடிவிடுவார்கள்.

இன்னும் கவனிக்க வேண்டியது "ரெண்டு வருஷம்தான் ஆச்சு" என்ற வரி. பல கீசர்களுக்கு மொத்தப் பொருளுக்கான வாரண்டி இரண்டு வருஷம்தான். அந்த ஒரு வரியைப் பார்த்தே "வாரண்டி முடிந்துவிட்டது, சர்வீஸ் கட்டணம் உண்டு" என்று பதில் வரலாம். டேங்குக்குத் தனியாக ஐந்து வருஷ வாரண்டி ஓடிக்கொண்டிருப்பதை நீங்கள் சொல்லவில்லை. அவர்களாகச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அப்போ இதையே எப்படி எழுதணும்? முழுசா எழுதிக் காட்டுங்க.

கீழே உள்ள தேதி, எண், விலை எல்லாம் உதாரணத்துக்குப் போட்டவை. உங்களுடையதை மாற்றிக்கொள்ளுங்கள்.

> பொருள்: 15 லிட்டர் கீசர், அடியில் கசிவு, 5 வருட டேங்க் வாரண்டியில் இலவசமாகச் சரிசெய்ய / மாற்றித் தரக் கோரிக்கை. சீரியல் எண்: …
>
> ஐயா / அம்மா,
>
> 18.11.2023 அன்று பெங்களூரு பாணஸ்வாடியில் உள்ள … கடையில் உங்கள் 15 லிட்டர் கீசரை ₹8,450-க்கு வாங்கினேன். மாடல் எண்: … பில் எண்: 1187. 20.11.2023 அன்று உங்கள் நிறுவன டெக்னீஷியனே வந்து பொருத்தினார்.
>
> 3.1.2026 முதல் கீசரின் அடிமூடி விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. 4.1.2026 இரவு 10 மணிக்கு மின்சாரத்தை அணைத்துவிட்டு, காலை 6 மணி வரை கீழே பாத்திரம் வைத்தேன். சுமார் அரை லிட்டர் சேர்ந்தது. பாதுகாப்பு வால்வும், தண்ணீர் உள்ளே வரும் குழாய், வெளியே போகும் குழாய் இரண்டின் இணைப்புகளும் காய்ந்திருந்தன. 4.1.2026 முதல் கீசரைப் பயன்படுத்தவில்லை.
>
> 5.1.2026, 8.1.2026, 12.1.2026 ஆகிய நாட்களில் கஸ்டமர் கேரில் பதிவு செய்தேன். டிக்கெட் எண்கள்: …, …, … இன்றுவரை யாரும் வரவில்லை.
>
> வாரண்டி அட்டைப்படி டேங்குக்கு 5 வருட வாரண்டி உண்டு, அது 17.11.2028 வரை உள்ளது. எனவே நான் கேட்பது:
>
> 1. 19.1.2026-க்குள் டெக்னீஷியனை அனுப்பிப் பரிசோதித்து, கண்டதை ஜாப் ஷீட்டில் எழுதித் தர வேண்டும்.
> 2. கசிவு டேங்கில் என்றால், 29.1.2026-க்குள் டேங்கை இலவசமாக மாற்ற வேண்டும். டேங்க் கிடைக்காவிட்டால் அதே கொள்ளளவுள்ள கீசரைத் தர வேண்டும்.
> 3. கசிவு வேறு பாகத்தில் என்றால், வேலையைத் தொடங்கும் முன் காரணத்தையும் செலவையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.
>
> இணைப்பு: பில், வாரண்டி அட்டை, சீரியல் எண் ஸ்டிக்கர் படம், கசிவு வீடியோ.
>
> பெயர், முகவரி, பின்கோடு, மொபைல் எண், வீட்டில் இருக்கும் நேரம்
> 14.1.2026

முந்தைய மெசேஜில் இருந்த "மோசம்", "பச்சத் தண்ணி", "கோர்ட்டு" மூன்றும் இதில் இல்லை. கோபத்தை அடக்க வேண்டும் என்பதற்காக எடுக்கவில்லை. மூன்றுமே முடிவெடுப்பவருக்கு ஒரு தகவலும் தராதவை. மாறாக, "மூணு தடவை போன் பண்ணியாச்சு" என்பது தேதியும் டிக்கெட் எண்ணும் சேர்ந்ததும் ஆதாரமாகிவிட்டது.

மாடல் நம்பர், சீரியல் நம்பர் எங்க இருக்கும்? டப்பாவை அப்பவே தூக்கிப் போட்டாச்சே.

கீசரின் உடம்பிலேயே ஒரு ஸ்டிக்கர் இருக்கும், பெரும்பாலும் அடிப்பக்கமோ பக்கவாட்டிலோ. கொள்ளளவு, வாட், அழுத்த அளவு, தயாரித்த மாதம், சீரியல் எண் எல்லாம் அதில் உண்டு. சுவரோடு ஒட்டிய பக்கம் இருந்தால் மொபைலை இடுக்கில் நீட்டிப் படம் எடுங்கள். நட்சத்திரக் குறியீடு உள்ள மின்சிக்கன ஸ்டிக்கர் வேறு. அதில் மாடல் பெயர் இருக்கும், உங்கள் பொருளின் சீரியல் எண் இருக்காது.

சீரியல் எண்ணைக் கடிதத்தின் தலைப்பு வரியிலேயே போடுவது நல்லது. கம்பெனிக் கணினியில் உங்கள் பொருளைத் தேடுவது அதை வைத்துத்தான். ஓ என்ற எழுத்தும் பூஜ்யமும் குழம்பும் என்பதால் படத்தையும் இணையுங்கள்.

கார்டுல 2 வருஷம், 3 வருஷம், 5 வருஷம்னு மூணு விதமா போட்டிருக்கு. எந்த வாரண்டியைச் சொல்றது?

கெட்டுப்போன பாகத்துக்கு உரியதை. கீசருக்கு வாரண்டி ஒன்றல்ல. மொத்தப் பொருளுக்கு ஒன்று, ஹீட்டிங் காயிலுக்கு ஒன்று, டேங்குக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுப்பார்கள். டேங்குக்குத்தான் நீளமானது. வருஷக் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் உங்கள் அட்டையில் உள்ளதை மட்டும் எழுதுங்கள்.

நீளமான வாரண்டியில் ஒரு சிக்கல் உண்டு. மொத்தப் பொருளுக்கான வாரண்டி முடிந்த பிறகு பல கம்பெனிகள் பாகத்தை மட்டும் இலவசமாகத் தரும். ஆள் வரும் கட்டணம், கழற்றி மாட்டும் கூலி உங்கள் தலையில். அட்டையில் அப்படி இருந்தால் "எல்லாம் இலவசமாக வேண்டும்" என்று எழுதினால் உடனே மறுப்பு வரும். "டேங்க் இலவசம், வருகைக் கட்டணம், கூலி எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிவிக்கவும்" என்று எழுதுங்கள். அட்டையில் அப்படி எதுவும் சொல்லவில்லை என்றால் மேலே உள்ள உதாரணம் போல் இலவசமாகவே கேளுங்கள்.

டேங்க்தான் ஒழுகுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன மெக்கானிக்கா?

தெரிய வேண்டியதில்லை, முடிவாகச் சொல்லவும் கூடாது. கண்ணால் பார்த்ததை எழுதுவது உங்கள் வேலை. காரணத்தைக் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. "டேங்கில் ஓட்டை" என்று நீங்கள் எழுதி, வந்தவர் "வால்வுதான்" என்று நிரூபித்துவிட்டால் மீதிக் கடிதமும் பலவீனமாகிவிடும். அதனால்தான் உதாரணத்தில் "கசிவு டேங்கில் என்றால்" என்று இருக்கிறது.

ஆனால் பார்ப்பதை ஒழுங்காகப் பார்க்க வேண்டும். முதலில் சுவிட்சையும், முடிந்தால் எம்சிபியையும் அணையுங்கள். ஒழுகும் கீசரில் மின்சாரம் ஓடக் கூடாது. தண்ணீர் உள்ளே வரும் குழாயைத் திறந்தே விடுங்கள். உலர்ந்த துணியால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, இரண்டு குழாய் இணைப்புகளிலும் வால்வின் வாயிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றுங்கள். கீழே பாத்திரம் வைத்து இரவு முழுக்க விடுங்கள். காலையில் எந்த டிஷ்யூ நனைந்திருக்கிறதோ அங்கே கசிவு. டிஷ்யூ எல்லாம் காய்ந்திருந்து பாத்திரத்தில் மட்டும் தண்ணீர் இருந்தால், அது கீசரின் உள்ளிருந்து வருகிறது.

உள்ளே இரண்டு சாத்தியம் உண்டு: டேங்க், அல்லது ஹீட்டிங் காயில் மாட்டும் இடத்தில் உள்ள ரப்பர் கேஸ்கெட். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் சொட்டும். கேஸ்கெட் மலிவான பாகம், டேங்க் வாரண்டியில் பெரும்பாலும் வராது. மூடியைக் கழற்றிப் பார்க்கும் ஆசை வேண்டாம். ஆபத்து ஒரு பக்கம். "வெளியாள் திறந்திருக்கிறார்" என்று வாரண்டியை மறுக்க நீங்களே காரணம் கொடுத்ததாக ஆகும்.

எங்க வீட்டுல சுவிட்ச் போட்டாத்தான் சொட்டுது, ஆஃப் பண்ணா நின்னுடுது. இதுக்கும் இப்படி எழுதலாமா?

வேண்டாம், அது பெரும்பாலும் கோளாறே இல்லை. தண்ணீர் சூடானால் விரியும். 15 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போனால் சுமார் 200 மில்லி கூடும். கீசருக்குள் போன தண்ணீர் திரும்பிவராமல் வால்வு தடுப்பதால், கூடிய தண்ணீர் அந்தப் பாதுகாப்பு வால்வு வழியாகத்தான் வெளியே வர வேண்டும். அந்த வால்வைப் ப்ளம்பரிடம் சொல்லி அடைத்துவிடாதீர்கள். அழுத்தம் டேங்கைத்தான் உடைக்கும், வாரண்டியும் போகும்.

சுவிட்ச் அணைத்த பிறகும் வால்வு மணிக்கணக்கில் சொட்டினால் அப்போது எழுதுங்கள். அதை டேங்க் கசிவு என்று எழுதாமல் "வால்விலிருந்து, மின்சாரம் இல்லாதபோதும்" என்று எழுத வேண்டும். உயரமான அடுக்குமாடியில் மாடித் தொட்டியிலிருந்து வரும் அழுத்தமோ பிரஷர் பம்ப்போ காரணமாக இருக்கலாம் என்பதால் எந்தத் தளம், பம்ப் உண்டா என்பதையும் சேருங்கள்.

புதுசாவே கேட்கலாமா? இல்ல பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? எதுக்குக் குறைச்சலா கேட்கணும்?

அட்டையில் கம்பெனி என்ன செய்வதாகச் சொல்லியிருக்கிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். கீசர் அட்டைகளில் பெரும்பாலும் "சரிசெய்தல் அல்லது மாற்றித் தருதல், கம்பெனியின் முடிவுப்படி" என்றுதான் இருக்கும். முதல் கடிதத்திலேயே பணம் திருப்பிக் கேட்டால், பதில் எழுதுபவருக்கு அதைக் கொடுக்கும் அதிகாரமே இருக்காது. "எங்கள் கொள்கையில் இல்லை" என்று முடிந்துவிடும். அவரால் இன்றே ஒப்புக்கொள்ளக்கூடிய ஒன்றைக் கேட்டால் வேலை நடக்கும்.

சட்டம் இதைவிட அகலமானது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 39-ஆம் பிரிவின்படி குறையை நீக்குதல், குறையில்லாத புதுப் பொருள், விலையைத் திருப்பித் தருதல், நஷ்டஈடு ஆகியவற்றை நுகர்வோர் ஆணையம் உத்தரவிடலாம். அந்த வரிசையே கடிதத்துக்கும் நல்ல வழிகாட்டி. முதலில் சரிசெய்யக் கேளுங்கள். அது தோற்ற பிறகு மாற்று. மாற்றும் தோற்றால் பணம். எந்தக் கட்டத்திலும் "தகுந்த நடவடிக்கை எடுக்கவும்" என்று மட்டும் எழுதாதீர்கள். ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிவிட்டுக்கூட நடவடிக்கை எடுத்துவிட்டோம் என்பார்கள்.

பில் தொலைஞ்சு போச்சு. அவ்வளவுதானா?

இல்லை. வாங்கிய கடைக்கே போய் மொபைல் எண்ணைச் சொல்லிப் பில் நகல் கேளுங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை அந்த வருஷத்து ஆண்டு ரிட்டர்னின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கடைக்காரர் வைத்திருக்க வேண்டும். யுபிஐயில் கட்டியிருந்தால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண், கார்டில் என்றால் ஸ்டேட்மென்ட், இரண்டும் தேதியைக் காட்டும். கடைக்காரர் தேடவும் உதவும். ஆன்லைனில் வாங்கியவர்கள் ஆர்டர் பக்கத்தில் இன்வாய்ஸை இறக்கிக்கொள்ளலாம். ஆர்டர் எண் வேறு, இன்வாய்ஸ் எண் வேறு; கடிதத்தில் இரண்டையும் போடுங்கள், விற்றவர் பெயரையும்.

எதுவுமே கிடைக்காவிட்டால் கீசர் பொருத்திய நாளின் சர்வீஸ் எஸ்எம்எஸ், வாரண்டிப் பதிவு மின்னஞ்சல் ஆகியவற்றைத் தேடுங்கள். அதுவும் இல்லையென்றால் ஸ்டிக்கரில் உள்ள தயாரிப்பு மாதத்தை எழுதி, "பில் இல்லை, தயாரிப்பு மாதத்திலிருந்து கணக்கிட்டாலும் டேங்க் வாரண்டி உள்ளது" என்று சொல்லுங்கள். தயாரித்த பிறகுதான் விற்றிருக்க முடியும் என்பதால் இந்தக் கணக்கில் அவர்களுக்கு நஷ்டமில்லை. அசல் பில் இருந்தால் அதை மட்டும் டெக்னீஷியன் கையில் கொடுத்தனுப்பாதீர்கள்.

போன்ல எல்லாம் சொல்லிட்டேனே, மறுபடி எழுதணுமா? யாருக்கு அனுப்புறது?

போன் அழைப்பு டிக்கெட் எண் வாங்குவதற்கு. நீங்கள் சொன்னதை ஆப்பரேட்டர் "வாட்டர் லீக்" என்று இரண்டு வார்த்தையில் பதிந்திருப்பார். பிறகு உங்களிடம் மிஞ்சுவது அவ்வளவுதான். டிக்கெட் எண் வந்ததும் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள். பொருளின் பெட்டியிலும் கையேட்டிலும் நுகர்வோர் தொடர்பு மின்னஞ்சல் அச்சிட்டிருக்கும். அதே மின்னஞ்சலின் பிரதி விற்ற கடைக்கும் போகும்படி சிசி-யில் சேருங்கள்.

ஆன்லைன் தளத்தில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் ஒரு பிரதி போகட்டும். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்தில் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

எனக்கு இங்கிலீஷ் சுமாராத்தான் வரும். தமிழ்ல எழுதினா எடுத்துக்குவாங்களா?

கம்பெனி மின்னஞ்சலுக்கு ஆங்கிலம்தான் வேகமாக நகரும். முதலில் மேலே உள்ள வரிசையில் தமிழில் எழுதுங்கள். பிறகு வீட்டில் படிக்கும் பிள்ளைகளோ தெரிந்தவர்களோ வரிக்கு வரி ஆங்கிலமாக்கித் தரட்டும். நீங்கள் எழுதியது குட்டி வாக்கியங்களாக, வாக்கியத்துக்கு ஒரு செய்தியாக இருந்தால் ஆங்கிலத்தில் கெடாது. தேதி, எண், தொகை மாறாமல் இருக்கிறதா என்று மட்டும் நீங்கள் சரிபாருங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் தமிழிலேயே பேசலாம்.

டெக்னீஷியன் வந்து பார்த்துட்டு "உப்புத் தண்ணி, வாரண்டி கிடையாது"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். இதுக்கு மேல என்ன எழுத?

பெங்களூருவில் அதிகம் வரும் மறுப்பு இதுதான். அவர் வாயால் சொன்னது மறுப்பு ஆகாது. ஜாப் ஷீட்டில் எழுதியதுதான் மறுப்பு. அதனால் அவர் இருக்கும்போதே, எந்தப் பாகம் போயிருக்கிறது, தண்ணீரை எந்தக் கருவியால் அளந்தார், எவ்வளவு வந்தது, அட்டையின் எந்த வரிப்படி மறுக்கிறார் என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அன்றே மின்னஞ்சலில் நீங்கள் எழுதிவிடுங்கள்: "இன்று வந்த டெக்னீஷியன் தண்ணீரின் தன்மையைக் காரணம் சொன்னார், அளவு எதையும் காட்டவில்லை, காரணத்தை எழுத்தில் கேட்கிறேன்."

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். டெக்னீஷியன் கையில் இருப்பது பெரும்பாலும் டிடிஎஸ் மீட்டர். அது கரைந்துள்ள மொத்த உப்பின் மதிப்பைத்தான் காட்டும். கடினத்தன்மையைத் தனியாகக் காட்டாது. அட்டையில் கடினத்தன்மைக்கு ஒரு வரம்பு போட்டிருந்தால் டிடிஎஸ் எண்ணைக் காட்டி மறுப்பது பொருந்தாது. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் மொத்தக் கடினத்தன்மையைச் சோதித்து அறிக்கை வாங்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க: ஐஎஸ் 10500 என்ற குடிநீர்த் தரத்தில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 600 வரை. ஆனால் வாரண்டிக்கு உங்கள் அட்டையில் உள்ள வரம்புதான் கணக்கு. வரம்பே போடாமல் பொதுவாக "கடின நீர்" என்று மட்டும் இருந்தால், எந்த அளவுக்கு மேல் என்று எழுத்தில் கேளுங்கள்.

உங்களுக்குப் பாதகமானதும் ஒன்று உண்டு. டேங்க் துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே மெக்னீசியம் ஆனோட் ராடு இருக்கும். டேங்குக்குப் பதில் அது கரையும். முழுதாகக் கரைந்த பிறகு அரிப்பு டேங்கைப் பிடிக்கும். அட்டையில் "ஆனோடை வருடாவருடம் பார்த்து, வாடிக்கையாளர் செலவில் மாற்ற வேண்டும்" என்று இருந்து நீங்கள் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை என்றால் கோரிக்கை பலவீனம்தான். அப்போது முழு மாற்றைக் கேட்டு மல்லுக்கட்டுவதைவிட, பாதி விலையில் டேங்கோ தள்ளுபடியில் புதுக் கீசரோ கேட்டு எழுதுவது பலன் தரும். மாற்றியிருந்தால் அந்த ரசீது உங்கள் கடிதத்தின் மிக முக்கியமான இணைப்பு.

வேலையே முடியலை, ஆனா ஓடிபி சொல்லுங்கன்னு கேக்கிறார். கொடுக்கலாமா?

அந்த எண் டிக்கெட்டை மூடுவதற்கு. வாடிக்கையாளர் திருப்தியுடன் ஒப்புக்கொண்டார் என்று கணினியில் பதிவாகும். வேலை முடியாமல் கொடுக்காதீர்கள். "பாகம் வர வேண்டும்" என்று நிலுவையில் வைக்கச் சொல்லுங்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் அன்றே எழுதுங்கள்: டிக்கெட் எண், மூடிய தேதி, கசிவு இன்னும் தொடர்கிறது என்பது, அன்றைய வீடியோ. அதே டிக்கெட்டை மீண்டும் திறக்கக் கேளுங்கள். புது டிக்கெட் போட்டால் நாள் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

மூணு தடவை ரிப்பேர் பண்ணிட்டாங்க, மறுபடி ஒழுகுது. இப்பவும் அதே லெட்டர்தானா?

இப்போது கடிதத்தின் நடுப்பகுதி மாறும். கசிவை விவரிப்பதைச் சுருக்கி, ஒவ்வொரு பழுதுபார்ப்பையும் தேதி வாரியாக வையுங்கள்: வந்த தேதி, ஜாப் ஷீட் எண், மாற்றிய பாகம், மறுபடி ஒழுகத் தொடங்கிய தேதி. பழுதுபார்ப்பு பலன் தரவில்லை என்பதை அந்தப் பட்டியலே சொல்லிவிடும். கேட்பதும் இரண்டாம் படிக்கு ஏறும்: மாற்றுக் கீசர், ஒரு தேதிக்குள், இல்லையென்றால் விலையைத் திருப்பித் தருதல்.

மாற்றிய பாகத்துக்குப் புது வாரண்டியா, பழையதின் மீதியா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலான அட்டைகளில் மீதிதான்.

வாடகை வீடு. கீசர் ஓனரோடது, பில் அவர் பேர்ல. நான் எழுதலாமா?

எழுதலாம். வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துபவரும் சட்டப்படி நுகர்வோர்தான். கடிதத்தில் "வாங்கியவர்: வீட்டு உரிமையாளர், பயன்படுத்துபவர்: நான்" என்று ஒரு வரி சேர்த்து, அவரிடமிருந்து "என் சார்பில் வாரண்டி கோர ஒப்புதல்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது வாங்கி இணையுங்கள். மாற்றுக் கீசர் வந்தால் அது அவருடையது என்பதால் அவரையும் பிரதியில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பிஜி நடத்துறேன். எட்டு கீசர் ஒரே பில்லுல வாங்கினேன். எனக்கும் இதே வழியா?

கொஞ்சம் கடினம். பல அட்டைகளில் வீட்டு உபயோகத்துக்கு மட்டுமே வாரண்டி. ஹாஸ்டல், ஹோட்டல் விலக்கு, அல்லது குறைந்த காலம். முதலில் அந்த வரியைப் படியுங்கள். வாரண்டி பொருந்தினால் எட்டுக்கும் ஒரே கடிதம் வேண்டாம். ஒழுகும் ஒவ்வொரு கீசருக்கும் அதன் சீரியல் எண்ணோடு தனிக் கோரிக்கை எழுதுங்கள். இல்லையென்றால் ஒன்றைச் சரிசெய்துவிட்டு மொத்தத்தையும் மூடிவிடுவார்கள். வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் சட்டத்தில் வரமாட்டார். தன் பிழைப்புக்காகத் தானே உழைத்து நடத்தும் சுயதொழிலுக்கு மட்டும் விலக்கு உண்டு. சொந்தமாக நடத்துகிறீர்கள் என்றால் அதைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

கெடு தேதி முடிஞ்சும் பதில் இல்லை. அடுத்து? கீசரை சென்னையில வாங்கினேன், கேஸ் போட அங்க போகணுமா?

முதலில் 1915-ஐக் கூப்பிடுங்கள், அல்லது `consumerhelpline.gov.in` தளத்தில் பதியுங்கள். நீங்கள் எழுதிய கடிதத்தையே அங்கே இணைக்கலாம். திரும்ப எழுத வேண்டியதில்லை. இது கம்பெனியைப் பதில் சொல்லவைக்கும் வழி, தீர்ப்பு அல்ல.

அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம் என்பதால் பெங்களூருவிலேயே போதும். `e-jagriti.gov.in` வழியாக இணையத்திலும் தாக்கல் செய்யலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்; கம்பெனியோடு மின்னஞ்சல் போய்வந்துகொண்டே இருப்பதால் இந்தக் காலம் நின்றுவிடாது. தயாரிப்பாளர், கடைக்காரர் இருவரையும் எதிர்த்தரப்பாகப் போடுங்கள். அதற்கு முன் கடைசியாக ஒரு கடிதத்தை ஸ்பீடு போஸ்ட்டில் கம்பெனியின் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். "கோர்ட்டுக்குப் போவேன்" என்பதற்கு இடம் இந்தக் கடிதம்தான், அதுவும் ஒரே வரியில், தேதியோடு.

ஒழுகின தண்ணியில பாத்ரூம் ஃபால்ஸ் சீலிங் போச்சு, கீழ் வீட்டு சுவரும் ஊறிடுச்சு. அதையும் இதே லெட்டர்ல கேட்டுடலாமா?

தனிக் கடிதம் எழுதுங்கள். வாரண்டி அட்டைகள் பெரும்பாலும் இப்படிப்பட்ட பின்விளைவுச் சேதத்தை விலக்கியிருக்கும். ஒரே கடிதத்தில் சேர்த்தால் அந்த மறுப்பைக் காட்டி டேங்க் மாற்றும் வேலையும் சேர்ந்து முடங்கும். டேங்க் கோரிக்கை அதன் வழியில் போகட்டும். சேதத்துக்கு அன்றைய தேதி தெரியும் படங்கள், கீழ் வீட்டுக்காரர் எழுதித் தந்த குறிப்பு, சரிசெய்ய ஆன செலவின் பில் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். கம்பெனி மறுத்தால் ஆணையத்தில் நஷ்டஈடாகக் கேட்கும்போது அவை தேவைப்படும். கசிவைக் கண்ட பிறகும் நாள்கணக்கில் தண்ணீர் வரும் குழாயைத் திறந்தே வைத்திருந்தால் அந்தச் சேதத்துக்கு உங்களையே காரணம் காட்டுவார்கள். மேலே சொன்ன ஓரிரவுச் சோதனை முடிந்ததும் கீசருக்குத் தண்ணீர் வரும் குழாயில் உள்ள ஆங்கிள் வால்வை மூடிவிடுங்கள்; மூடிய தேதியையும் நேரத்தையும் கடிதத்தில் எழுதுங்கள்.